செலவுக்கு மேல் 10 சதவீதம்: எது செலவு என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

கேள்வி: ஐந்து பேர் வேலை செய்யும் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். ஒரு ஆலையில் பழைய ஹாப்பரின் அடிக்கூம்பை வெட்டி எடுத்துவிட்டுப் புது பிளேட் போட வேண்டும். உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும் என்பதால் மொத்த விலை சொல்ல முடியவில்லை. "மெட்டீரியல் பில், ஆள் கூலி, அதற்கு மேல் 10 சதவீதம் தருகிறோம்" என்கிறார்கள். எலக்ட்ரோடு, கரண்ட், வேஸ்டேஜ் எல்லாம் அந்த 10-க்குள் அடங்கும் என்கிறார் அவர்களுடைய கணக்காளர். 15 கேட்கலாமா? எங்கள் சம்பளக் கணக்கையும் காட்டச் சொல்கிறார்கள். காட்டத்தான் வேண்டுமா?

பதில்:

சதவீதத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். உங்கள் கையில் பணம் நிற்குமா நிற்காதா என்பதை 10, 15 என்ற எண் முடிவு செய்யப் போவதில்லை. "ஆள் கூலி" என்ற இரண்டு சொல்லுக்கு என்ன பொருள் என்பதுதான் முடிவு செய்யப் போகிறது. அதை ஒரு கணக்கோடு பார்ப்போம். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் வெறும் எண்களாகவே எழுதுகிறேன். உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒரு வெல்டருக்கு மணிக்கு 100 சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 48 மணி நேரம், ஆண்டுக்கு 52 வாரம் என்றால் 2,496 மணி நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள். அதாவது 2,49,600. விடுமுறை, விடுப்பு என்று 30 நாள் போனால் அவர் பட்டறையில் இருப்பது 2,256 மணி நேரம். அந்த நேரம் முழுக்க ஏதாவது ஒரு வேலையின் பெயரில் எழுத முடியுமா? முடியாது. இடம் சுத்தம் செய்வது, மெஷின் பார்ப்பது, பிளேட் வரும்வரை காத்திருப்பது, கொட்டேஷனுக்கு அளவெடுக்கப் போவது எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒழுங்காக நடக்கும் சின்னப் பட்டறையில் 80 சதவீதம் வேலைக் கணக்கில் வந்தால் அது நல்ல நிலை. ஆக 1,800 மணி நேரம். இனி, சம்பளத்தோடு வருங்கால வைப்பு நிதி, காப்பீடு, போனஸ் என்று நீங்கள் கட்டுவது 20 சதவீதம் என்றால் ஆண்டுச் செலவு 2,99,520. இதை 1,800-ஆல் வகுத்தால் ஒரு மணி நேர உழைப்புக்கு உங்களுக்கு ஆகும் உண்மைச் செலவு 166.

இதில் பட்டறை வாடகை, கரண்ட், மெஷின் தேய்மானம், மேஸ்திரி, அலுவலகம் எதுவும் இல்லை. அவையெல்லாம் ஆண்டுக்கு 5,40,000 என்றால், ஐந்து பேரின் 9,000 மணி நேரத்தில் பங்கிட மணிக்கு 60 விழும். 166-உம் 60-உம் சேர்த்து 226. இந்த 226-இல் லாபம் ஒரு காசு கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். பட்டறையைத் திறந்து வைத்து ஒரு ஆளை ஒரு மணி நேரம் வேலை செய்ய வைத்தால் ஆகும் செலவு மட்டும்தான் இது.

அவர்கள் சொன்னபடி எழுதினால் உங்களுக்குக் கிடைப்பது 100-உம் அதன் மேல் 10-உம், ஆக 110. மணிக்கு 116 கையை விட்டுப் போகிறது. 15 சதவீதம் பேசி வாங்கிவிட்டாலும் அது 115 ஆகுமே தவிர, பள்ளம் நிரம்பாது. இந்த வேலைக்கு 240 மணி நேரம் பிடிக்கும் என்றால், கூலி என்ற சொல்லால் மட்டும் 27,840 போய்விடும். செலவுக்கு மேல் உங்களுக்கு வரும் தொகைதான் ஃபீ. கீழே நான் கணக்கிடப் போகும் ஃபீ முழுவதையும் விட இது இரண்டு மடங்குக்கும் மேல். அதனால்தான் சதவீதத்தை ஓரமாக வைக்கச் சொன்னேன்.

எனவே ஒப்பந்தத்தில் "கூலி" என்று எழுதாதீர்கள். "வேலை நேரம் ஒன்றுக்கு 226 என்ற நிலையான வீதம், இதில் சம்பளம், சட்டப்படியான பங்களிப்புகள், மேற்பார்வை, பட்டறை மின்சாரம், சொந்த இயந்திரங்கள், அலுவலகச் செலவு அடங்கும்" என்று எழுதுங்கள். எது உள்ளே அடங்குகிறது என்பதைப் பெயர் சொல்லி எழுதுவது உங்களுக்கு மட்டுமல்ல, அவர்களுக்கும் பாதுகாப்பு. மேஸ்திரியின் சம்பளத்தை 226-க்குள் வைத்துவிட்டு, அவர் தளத்துக்கு வந்த நேரத்தையும் தனியாக எழுதினால் ஒரே செலவை இரண்டு முறை வாங்கியதாகிவிடும். உங்கள் சொந்த வெல்டிங் செட்டுக்கு வாடகை போடுவதும் அப்படித்தான். கணக்காளர்கள் முதலில் தேடுவது இதைத்தான். ஒரு இடத்தில் இரட்டிப்பு கிடைத்தால், அதன் பிறகு நேர்மையான வரியைக் கூட நம்ப மாட்டார்கள்.

அடுத்தது வேஸ்டேஜ். இதில் அவர்கள் பேசுவதும் நீங்கள் பேசுவதும் வேறு வேறு பொருள் என்பதால்தான் சண்டை வருகிறது. உங்கள் கூம்பின் நான்கு பக்கமும் ஒரே அளவு என்று கொள்வோம்: மேல் விளிம்பு 1,200 மி.மீ., கீழ் விளிம்பு 300, சரிவு உயரம் 1,000, தடிமன் 8 மி.மீ. ஒரு பக்கத்தின் பரப்பு 0.75 சதுர மீட்டர். 8 மி.மீ. பிளேட் சதுர மீட்டருக்கு 62.8 கிலோ வரும். நான்கு பக்கமும் சேர்ந்து 188.4 கிலோ. கணக்காளர் இதன் மேல் பத்து சதவீதம் வேஸ்டேஜ் போட்டு 207 கிலோ என்பார். அவர் பார்வையில் அது தாராளம்.

ஆனால் பிளேட் 2,500-க்கு 1,250 அளவில் வருகிறது. ஒரு துண்டை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்தால் இரண்டு துண்டுகளுக்கு 1,950 மி.மீ. நீளம் போகும். மூன்றாவதையும் சேர்க்க 2,700 வேண்டும், இடமில்லை. ஆக நான்கு பக்கத்துக்கு இரண்டு பிளேட், 392.5 கிலோ வாங்கியாக வேண்டும். வெட்டுக்கோட்டின் அகலத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு பிளேட்டிலும் 550-க்கு 1,250 அளவில் ஒரு நல்ல துண்டு மிஞ்சும், அது 43.2 கிலோ. நீளவாக்கில் 250 மி.மீ. பட்டை ஒன்று மிஞ்சும், அது 30.6 கிலோ. சாய்வு ஓரங்களில் இரண்டு முக்கோணங்கள் விழும். இரண்டும் சேர்ந்து 28.26 கிலோ. இந்த மூன்றையும் "வேஸ்டேஜ்" என்று ஒரே சொல்லில் அடைப்பதுதான் தவறு. பட்டையை அதே ஹாப்பரின் விறைப்புத் தகடுகளுக்கு வெட்டிவிடலாம். அது வேலைக்குள்ளேயே போகிறது. 550 துண்டு உங்கள் பட்டறைக்குத் திரும்பும். நாளை வேறு வேலைக்கு உதவும். முக்கோணம் மட்டும்தான் ஸ்கிராப்.

அதனால் விதியை இப்படி வையுங்கள். வாங்கிய முழு எடையும் பில்படி செலவு. இரண்டு பக்கமும் 300 மி.மீ.-க்குக் குறையாத மிச்சத் துண்டைப் பட்டறை வைத்துக்கொண்டால், வாங்கிய விலைக்கே அவர்கள் கணக்கில் வரவு. அதற்கும் சிறியது ஸ்கிராப் விலைக்கு வரவு. கிலோ 60-க்கு வாங்கி ஸ்கிராப் 25-க்குப் போனால், 23,550-இல் இருந்து 5,184-உம் 1,413-உம் கழிந்து பிளேட் செலவு 16,953 ஆகும். இந்தக் கணக்கைப் படம் போட்டு ஒரு தாளில் காட்டுங்கள். கணக்காளர் சந்தேகப்பட்டது இரண்டு பிளேட்டையும் பில் போட்டுவிட்டு மிச்சத்தை நீங்கள் சும்மா எடுத்துக்கொள்வீர்கள் என்று. அந்தச் சந்தேகம் நியாயமானது. வரவு வரியைப் பார்த்ததும் அது தீர்ந்துவிடும்.

எலக்ட்ரோடு, கட்டிங் வீல், கிரைண்டிங் வீல், கேஸ் இவற்றை ஒவ்வொன்றாக எண்ணி எழுத முயலாதீர்கள். இந்த அளவு வேலையில் எண்ணும் நேரத்தின் செலவு பொருளின் விலையைத் தாண்டிவிடும். உங்களுடைய சமீபத்திய மூன்று நான்கு வேலைகளில் வாங்கிய கன்ஸ்யூமபிள்ஸ் தொகையை அந்த வேலைகளின் மணி நேரத்தால் வகுத்து ஒரு வீதம் எடுங்கள். மணிக்கு 20 என்று வந்தால் அதுவே வீதம். வீதம் ஒப்புக்கொண்ட பிறகு எலக்ட்ரோடு பில்லைத் தனியாக வைக்கக் கூடாது. இது கறாராக இருக்க வேண்டும். அவர்கள் எண்ணித்தான் தர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: குச்சி எலக்ட்ரோடில் எடைக்கு எடை வெல்டாக மாறாது. பூச்சு கசடாகப் போகிறது, சிதறல் போகிறது, பிடியில் மிஞ்சும் அடிக்குச்சி போகிறது. நூற்றுக்கு 60, 65 பங்குதான் இணைப்பில் நிற்கும். 12 கிலோ வெல்டுக்கு 20 கிலோ எலக்ட்ரோடு ஆகும். படத்தில் இருக்கும் வெல்டின் எடையை வைத்துச் சரிபார்க்கும் கணக்காளருக்கு இது திருட்டு போலத் தோன்றும்.

வெளியாட்கள் செலவு எளிது. கிரேன், தடிமன் சோதனை, லாரி வாடகை எல்லாம் பில் தொகை அப்படியே. விற்பவர் பில்லில் தள்ளுபடி கொடுத்தால் அது அவர்களுக்குச் சேர வேண்டும். திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய வரி செலவாகாது. வேலைக்கென்று வாங்கிவிட்டு உங்களிடமே தங்கிவிடும் கருவி செலவாகாது. வாடகைக்கு எடுத்தால் ஆகும். கடன் வட்டி, அபராதம், வேறு வேலையில் வந்த நஷ்டம் எதுவும் ஆகாது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் எந்த வெளிச்செலவுக்கும் முன் ஒப்புதல் என்று ஒரு வரி போதும்.

திரும்பச் செய்யும் வேலையைப் பற்றிப் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெல்டில் துளை விழுந்து அரைத்து எடுத்து மறுபடி போட்டால் அந்த மணி நேரம் யாருடையது? முழுக்க உங்கள் தலையில் என்றால், அந்த ஆபத்துக்கு விலை வைக்காமல் ஏற்றுக்கொண்டதாகிவிடும். முழுக்க அவர்கள் தலையில் என்றால் மோசமான வெல்டருக்கும் கூலி உண்டு என்றாகிவிடும். செலவு அடிப்படை ஒப்பந்தங்களில் வழக்கில் இருக்கும் நடுவழி, திருத்தும் செலவு கிடைக்கும், அதற்கு ஃபீ கிடையாது என்பது. சின்ன வேலைக்கு அதோடு ஒரு வரம்பும் சேர்ப்பது நல்லது. 240 மணி நேரத்தில் திருத்தத்துக்கு 8 மணி நேரம் வரை கணக்கில் ஏறும், அதற்கு மேல் பட்டறைப் பொறுப்பு. அவர்கள் கொடுத்த அளவு தவறாக இருந்து திரும்பச் செய்தால் அது திருத்தமே அல்ல, புது வேலை.

இப்போது ஃபீக்கு வருவோம். மேலே சொன்னபடி 240 மணி நேரம் 226 வீதம் 54,240. பிளேட் 16,953. கன்ஸ்யூமபிள்ஸ் 4,800. கிரேன், சோதனை, லாரி 12,000 என்று வைத்தால் மொத்தம் 87,993. 88,000 என்று கொள்வோம். இதன் மேல் 12 சதவீதம் 10,560. இந்த 10,560-ஐச் சதவீதமாக எழுதாமல் தொகையாகவே எழுதச் சொல்லுங்கள்: "ஃபீ 10,560, மாறாதது."

ஏன் என்று கேட்பார்கள். உங்கள் ஆட்கள் நன்றாக வேலை செய்து செலவு 80,000-இல் முடிந்தால், சதவீதக் கணக்கில் உங்களுக்கு 9,600. மந்தமாக நடந்து 1,00,000 ஆனால் 12,000. நன்றாகச் செய்தவனுக்குக் குறைவு, இழுத்தவனுக்கு அதிகம். இந்தக் காரணத்துக்காகவே அமெரிக்க அரசுக் கொள்முதலில் செலவின் மேல் சதவீதம் தரும் ஒப்பந்தம் சட்டத்தாலேயே தடை செய்யப்பட்டிருக்கிறது. தொகை நிலையாக இருந்தால் எந்தப் பக்கம் போனாலும் 10,560 தான். ஆலைக்காரர் உங்கள் நேரத்தாளைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கான காரணம் போய்விடுகிறது. உங்களுக்கு ஒரு இழப்பு உண்டு: வேலை இழுத்தால் அதே ஃபீக்கு அதிக நாள் உங்கள் ஆட்கள் அங்கே கட்டுண்டு கிடப்பார்கள். அதை ஈடுகட்டத்தான் 10-க்குப் பதில் 12 கேட்கிறீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லலாம். அது மறுக்க முடியாத நியாயம்.

மாறாத ஃபீயில் ஒரு இடம்தான் ஆபத்தானது. வேலை பெரிதானால் ஃபீயும் பெரிதாக வேண்டும். ஆனால் அதே வேலைக்குச் செலவு கூடினால் ஃபீ கூடாது. இரண்டையும் பிரிக்கும் கோடு எது என்பதைத் திறப்பதற்கு முன்பே வரைந்துவிட வேண்டும். உங்கள் வேலையில் அது சுலபம். "அடிக்கூம்பின் நான்கு பக்கங்களும் அவற்றின் விறைப்புத் தகடுகளும் இந்த வேலை. மேல் பெட்டியின் பிளேட்டை இரு தரப்பும் சேர்ந்து அல்ட்ராசானிக் தடிமன் மீட்டரால் அளக்க வேண்டும். 8 மி.மீ.-இல் 5-க்குக் கீழே தேய்ந்த பகுதியை மாற்றுவது கூடுதல் வேலை. அதற்குத் தனி எஸ்டிமேட், அந்த எஸ்டிமேட்டின் மேல் 12 சதவீதம் கூடுதல் ஃபீ" என்று எழுதுங்கள். 5 என்ற எண்ணை ஆலையின் பொறியாளர் சொல்லட்டும். அது அவர் பொறுப்பு. அளந்த இடங்களைச் சாக்பீஸால் கட்டம் போட்டு, எண் எழுதி, படம் எடுத்து, அன்றே இருவரும் கையெழுத்திடுங்கள். கூம்பை வெட்டி மேல் பெட்டியைத் தாங்கலில் நிறுத்திய பிறகு இந்தப் பேச்சு எழுந்தால், கிரேன் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் யாராலும் நிதானமாகப் பேச முடியாது.

அவர்கள் உச்சவரம்பு கேட்பார்கள், கேட்கட்டும். எஸ்டிமேட்டின் மேல் 20 சதவீதம், அதாவது செலவு 1,05,600 வரை என்று வைக்கலாம். ஆனால் வரம்பை மட்டும் எழுதி நிறுத்தினால் அது மறைமுகமாக மொத்த விலை ஒப்பந்தமாகிவிடும். வரம்பைத் தாண்டியதெல்லாம் உங்கள் கையிலிருந்து போகும். கூடவே இரண்டு வரி வேண்டும். "செலவு எஸ்டிமேட்டில் 75 சதவீதத்தை, அதாவது 66,000-ஐத் தொட்டதும், மீதி வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் தெரிவிப்பேன். வரம்பை உயர்த்தி எழுதித் தராதவரை அதற்கு மேல் வேலையைத் தொடர வேண்டிய கடமை எனக்கு இல்லை." வரம்பைத் தாண்டிய பில்லுக்குப் பணம் வராமல் போவது பெரும்பாலும் இந்த அறிவிப்பைத் தவறவிட்டதால்தான். அதற்கு நீங்கள் தினம் செலவைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். வார இறுதியில் கூட்டினால் ஐந்து ஆள் வேலையில் ஒரே வாரத்தில் 66,000-ஐத் தாண்டிவிடலாம்.

வேலையின் ஒரு பகுதிக்கு மொத்த விலை, மறு பகுதிக்குச் செலவு அடிப்படை என்று பிரிக்கலாமே என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரே ஆட்கள் ஒரே நாளில் இரண்டிலும் வேலை செய்யும்போது, மொத்த விலைப் பகுதியின் நேரத்தை மற்றதில் எழுதிவிட்டீர்கள் என்ற பேச்சு வந்தே தீரும். இல்லை என்று நிரூபிக்க வழியும் இருக்காது.

கடைசியாக, சம்பளக் கணக்கு. காட்ட வேண்டியதில்லை. நிலையான வீதம் என்று ஒப்புக்கொண்ட பிறகு அவர்கள் சரிபார்க்க வேண்டியது எத்தனை மணி நேரம் என்பதை மட்டும்தான். வீதம் எப்படி வந்தது என்ற கணக்கைப் பேச்சுவார்த்தையின்போது ஒரு முறை விளக்குங்கள், மேலே நான் போட்ட விதத்திலேயே. கையெழுத்தான பிறகு வீதம் ஆய்வுக்கு உட்பட்டதல்ல என்று எழுதுங்கள். நேரத்தாள், பிளேட் பில், மிச்சத் துண்டுகளின் எடைச் சீட்டு, வெளியாட்கள் பில் இவை நான்கும் எப்போது கேட்டாலும் திறந்திருக்க வேண்டும்.

நேரத்தாளில் ஆள் பெயர், தொடங்கிய நேரம், முடித்த நேரம், என்ன வேலை என்ற நான்கு கட்டம் போதும். ஆனால் அன்றைக்கே எழுதி, அன்றைக்கே அவர்கள் ஆளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஐந்து பேருக்கும் ஆறு நாளும் சரியாக 8 மணி நேரம் என்று ஒரே பேனாவில் எழுதிய தாளைப் பார்த்தால் அது சனிக்கிழமை மாலை உட்கார்ந்து நிரப்பியது என்று எந்தக் கணக்காளருக்கும் தெரியும். உண்மையான தாளில் 6½ இருக்கும், 9 இருக்கும், "கிரேனுக்குக் காத்திருப்பு 1½" என்றும் இருக்கும். அந்தக் காத்திருப்பு யாரால் என்பதும் அதே வரியில் இருக்கட்டும். ஆலையின் பெர்மிட் வரவில்லை என்று நின்ற நேரம் செலவுக் கணக்கில் ஏறும். உங்கள் கேஸ் சிலிண்டர் தீர்ந்து நின்ற நேரம் ஏறாது.

பதினைந்து நாளுக்கு ஒரு பில் போடுங்கள். ஃபீயை முடிந்த வேலையின் அளவுக்கு வாங்குங்கள், செலவான பணத்தின் அளவுக்கு அல்ல. கடைசி 15 சதவீத ஃபீ, இங்கே 1,584, சோதனை முடிந்து மிச்சத் துண்டு வரவும் கணக்கில் ஏறிய பிறகு வரட்டும். செலவுத் தொகையில் எந்தப் பிடித்தமும் வேண்டாம், ஏனென்றால் அது நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்ட பணம். இத்தனையும் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும். அவற்றோடு வெற்று நேரத்தாள் ஒன்றையும் இணைத்து அனுப்பி, அதில் தினமும் கையெழுத்திடப் போகிறவர் யார், அவர் இல்லாத நாளில் யார் என்று இரண்டு பெயர்களை எழுதி வாங்கிய பிறகே முதல் வெட்டைப் போடுங்கள்.